கண்ணீர் மூக்கை அடையும் வழி: மதுரைக் கண் மருத்துவ நடைமுறையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கண்ணில் சுரக்கும் நீர், இமைகளின் அசைவால் உந்தப்பட்டு மூக்கினுள் சென்று சேர்கிறது. சுரப்பி, இமை, வடிகுழாய், நரம்பு ஆகிய நான்கில் எது பழுதுற்றாலும் நோயாளி கூறும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: ‘கண்ணில் நீர் வடிகிறது’. ஒரே முறையீட்டின் பின்னே இருக்கும் வெவ்வேறு காரணங்களை எவ்வாறு பிரித்தறிவது என்பதை, மதுரையில் கண்புரை அறுவைக்கு முன் வழக்கமாகச் செய்யப்படும் கண்ணீர்க் குழாய்ச் சோதனையின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கண்ணீர்ச் சுரப்பி, கண்ணீர்ப் பை, இமைவட்டத் தசை, முகநரம்பு, கருவிழிப் புண், மதுரை.

முன்னுரை

மதுரையில் 1976ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவையைப் பெருந்தொகையினருக்குக் கொண்டுசேர்த்த நிறுவனமாக அறியப்படுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களிலிருந்து அறுவைக்கு வரும் முதியவர்களுக்கு அங்கே செய்யப்படும் முன்சோதனைகளுள் ஒன்று, புரையோடு நேரடித் தொடர்பற்றதாகத் தோன்றும். கண்ணின் உள்மூலையிலுள்ள சிறு துளையில் மெல்லிய குழலூசியைச் செலுத்தி உப்புநீரைப் பாய்ச்சி, அந்நீர் தொண்டைக்கு இறங்குகிறதா என்று பார்ப்பதே அச்சோதனை. இது தென்னிந்தியக் கண் மருத்துவமனைகள் பலவற்றிலும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது.

விழியின் உள்ளே செய்யப்படும் அறுவைக்கு முன், விழிக்கு வெளியே உள்ள ஒரு வடிகாலை ஏன் ஆராய வேண்டும் என்ற வினா எழுவது இயல்பு. கண்ணீர் பிறந்து மூக்கை அடையும் வரையிலான வழியையும், அவ்வழியை இயக்கும் நரம்புகளையும் அறிந்தால் அதற்கு விடை கிடைக்கும்.

கண்ணீர் பிறக்குமிடம்

கண்குழியின் மேற்புறத்தில், கடைக்கண்ணை ஒட்டி, நெற்றியெலும்பில் உள்ள சிறு பள்ளத்தில் கண்ணீர்ச் சுரப்பி அமைந்துள்ளது. மேலிமையைத் தூக்கும் தசையின் விரிந்த நாண் அச்சுரப்பியைப் பெரிய மேல்மடல், சிறிய கீழ்மடல் என இரண்டாகப் பிரிக்கிறது. ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு நுண்குழாய்கள் சுரப்பியிலிருந்து புறப்பட்டு, மேலிமையின் உட்புற மடிப்பில் திறக்கின்றன. மேல்மடலின் குழாய்களும் கீழ்மடலின் ஊடாகவே வெளிவருகின்றன. ஆகவே கீழ்மடலை மட்டும் அகற்றினாலும் முழுச் சுரப்பியின் நீரும் கண்ணை அடையாமற் போகும். இமையின் உட்படலத்தில் பரவியுள்ள நுண்ணிய துணைச் சுரப்பிகளும் கண்ணின் அன்றாட ஈரத்திற்குப் பங்களிக்கின்றன.

அமைதியான நிலையில் கண்ணில் தங்கும் நீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர்; சுரக்கும் அளவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 மைக்ரோலிட்டர். இதில் ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சியது மூக்கிற்கு வடிகிறது. இமைகளுக்கு இடையே வழியாமல் தங்கக்கூடிய நீர் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டரே. மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு அவ்வளவோ அதற்கு மேலோ இருப்பதால்தான் சொட்டு மருந்து இட்டவுடன் கன்னத்தில் வழிகிறது. வழியாமல் எஞ்சிய மருந்து சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதும், அழும்போது மூக்கு ஒழுகுவதும் கண்ணுக்கும் மூக்கிற்கும் இடையிலுள்ள வழி திறந்திருப்பதன் சான்றுகள்.

மூக்கிற்குச் செல்லும் வழி

மேலிமை, கீழிமை ஆகிய இரண்டின் விளிம்பிலும், மூக்கை ஒட்டிய முனைக்கு அருகே, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை உண்டு. கண்ணாடியின் முன் நின்று கீழிமையைச் சற்றே வெளிப்புறம் திருப்பினால் இத்துளை வெறுங்கண்ணுக்கே தெரியும். இயல்பு நிலையில் துளை வெளியே தெரியாதபடி விழியை நோக்கித் திரும்பி, தேங்கிய நீரில் தோய்ந்தபடி இருக்கும்.

ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு நுண்குழல் தொடங்குகிறது. அது முதலில் இமை விளிம்பிற்குச் செங்குத்தாக 2 மில்லிமீட்டர் சென்று, பின் திரும்பி விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மூக்கை நோக்கி ஓடுகிறது. பெரும்பாலோரிடம் மேல், கீழ் நுண்குழல்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொதுக்குழலாகிக் கண்ணீர்ப் பையில் திறக்கின்றன. அந்த இணைப்பின் அமைப்பு, பையிலுள்ள நீர் திரும்பவும் கண்ணுக்கு வராமல் ஓரளவு தடுக்கிறது. பை ஏறத்தாழ 12 முதல் 15 மில்லிமீட்டர் நீளமுடையது; மூக்கெலும்பின் ஓரத்தில் உள்ள பள்ளத்தில் பொதிந்திருக்கிறது. பையின் கீழ்முனை குறுகி, எலும்பினுள் அமைந்த குழாயாக இறங்கி, மூக்கின் கீழ்ச் சங்கெலும்பிற்கு அடியில் திறக்கிறது.

இவ்வழி கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் நீர் தானாக இறங்குகிறது என்று கருதத் தோன்றும். அக்கருத்து முழுமையானதன்று, படுத்திருக்கும்போதும் கண்ணீர் மூக்கிற்குச் செல்கிறது. நீரை நகர்த்துவது முதன்மையாக இமைவட்டத் தசையே. நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும்போது, இமைகள் கடைக்கண்ணில் தொடங்கி மூக்கை நோக்கி மூடுகின்றன. நீர் உள்மூலைக்குத் தள்ளப்படுகிறது. இமைகள் முழுதும் மூடும் முன்பே மேல், கீழ்த் துளைகள் ஒன்றையொன்று தொட்டு அடைபடுகின்றன. அப்போது நுண்குழல்களைச் சூழ்ந்த தசை நார்கள் அவற்றை நசுக்கி உள்ளிருக்கும் நீரை முன்தள்ளுகின்றன. இமை திறக்கும்போது நுண்குழல்கள் தம் பழைய நிலைக்கு விரிய முயல்கின்றன. துளைகள் விலகும் கணத்தில் அடுத்த சிறு அளவு நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. இமை மூடும்போது பையும் சுருங்குகிறதா, அல்லது விரிகிறதா என்பதில் ஆய்வாளரிடையே இரு கருத்துகள் உள்ளன. இயக்கும் ஆற்றல் இமைவட்டத் தசையினுடையது என்பதில் இரு தரப்பினரும் உடன்படுகின்றனர்.

ஒரு நரம்பின் இரு பணிகள்

கண்ணீர் வழியின் நரம்பமைப்பு சிக்கலானதாகத் தோன்றினாலும், உணர்தல், சுரத்தல், உந்துதல் எனப் பணிவாரியாகப் பிரித்தால் எளிதாகும்.

கருவிழியில் தூசு படுவதை உணர்வது முக்கிளை நரம்பின் முதற்கிளை. அதே கிளையின் சிறு பிரிவுகள் மேலிமைக்கும் கண்ணீர்ப் பைப் பகுதிக்கும் உணர்வு தருகின்றன. கீழிமைக்குப் பெரும்பாலும் இரண்டாம் கிளையிலிருந்து உணர்வு வருகிறது. இதனால்தான் கண்ணீர்ப் பை அறுவையின்போது ஒரே இடத்தில் மரப்பூசி போடுவது போதாது. மூக்கோரக் கண்முனைக்கு மேலும், கண்குழிக்குக் கீழும் இரு இடங்களில் போட வேண்டியுள்ளது.

உணர்ந்த செய்தி மூளைத் தண்டை அடைந்ததும், சுரக்கச் சொல்லும் கட்டளை முகநரம்பின் வழியாகப் புறப்படுகிறது. காதெலும்பினுள் முகநரம்பு வளையும் இடத்தில் உள்ள நரம்புமுடிச்சிலிருந்து, சுரப்பிக்குரிய இழைகள் தனிக் கிளையாகப் பிரிகின்றன. அவை மண்டையோட்டின் அடிப்பகுதி வழியே சென்று, மூக்கிற்குப் பின்னுள்ள மற்றொரு முடிச்சில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. அங்கிருந்து புறப்படும் இழைகள் முக்கிளை நரம்பின் கிளைகளோடு சேர்ந்து பயணம் செய்து சுரப்பியை அடைகின்றன என்பது உடற்கூற்றியலில் நிலைபெற்ற விளக்கம். முகநரம்பின் எஞ்சிய பகுதி காதின் பின்னுள்ள துளை வழியே வெளிவந்து, இமைவட்டத் தசை உள்ளிட்ட முகத் தசைகளை இயக்குகிறது.

இமையைத் திறக்கும் பணி வேறு நரம்புகளுடையது. மேலிமையைத் தூக்கும் தசையை மூன்றாம் மூளை நரம்பாகிய விழியியக்க நரம்பும், அதற்கு அடியிலுள்ள சிறு தசையைப் பரிவு நரம்பும் இயக்குகின்றன.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கண்ணீரைச் சுரக்கச் செய்வதும் முகநரம்பு. சுரந்த நீரை மூக்கிற்கு உந்துவதும் முகநரம்பு. ஆனால் இவ்விரு பணிக்குரிய இழைகளும் காதெலும்பினுள்ளேயே பிரிந்துவிடுகின்றன. எனவே நரம்பு எவ்விடத்தில் பழுதுறுகிறது என்பதைப் பொறுத்து, கண் நீரால் நிறையவும் கூடும், வறண்டு போகவும் கூடும்.

கண்ணீர்க் குழாய்ச் சோதனை

சோதனையின் முதற்படிக்குக் கருவி தேவையில்லை. மூக்கோரக் கண்முனைக்குக் கீழே, எலும்பின் விளிம்பை ஒட்டிக் கண்ணீர்ப் பையின் மீது விரலால் அழுத்த வேண்டும். துளைகளின் வழியே சளியோ சீழோ மேலெழுந்தால், பையில் நீர் தேங்கி நோயுற்றிருப்பது அப்போதே உறுதியாகிறது.

அடுத்து, கண்ணில் மரப்புச் சொட்டு இட்டு, கீழ்த்துளையை நுண்ணிய விரிப்பானால் அகலப்படுத்தி, முனை மழுங்கிய குழலூசியைச் செங்குத்தாக 2 மில்லிமீட்டர் இறக்க வேண்டும். பின் கீழிமையைக் கடைக்கண் பக்கமாக இழுத்துப் பிடித்து, ஊசியைப் படுக்கைவாட்டில் திருப்பி, மெல்ல உப்புநீரைச் செலுத்த வேண்டும். இமையை இழுத்துப் பிடிப்பது நுண்குழலின் வளைவை நேராக்குவதற்காக. அதைச் செய்யாமல் தள்ளினால் ஊசி குழலின் சுவரைக் கிழித்துப் பொய்வழி உண்டாக்கும். அப்போது இமை வீங்குவதே முதல் அடையாளம்.

நீர் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்பதைக் கொண்டு அடைப்பின் இடம் கணிக்கப்படுகிறது. நோயாளி தொண்டையில் உப்புச்சுவை உணர்ந்து விழுங்கினால் வழி திறந்துள்ளது. செலுத்திய கீழ்த்துளை வழியாகவே தெளிந்த நீர் திரும்பினால் கீழ் நுண்குழலில் அடைப்பு. மேல்துளை வழியாகத் தெளிந்த நீர் உடனே திரும்பினால் பொதுக்குழலில் அடைப்பு. சற்றுத் தாமதித்து, மேல்துளை வழியாகச் சளியோடு கலந்து திரும்பினால் நீர் பையைச் சென்றடைந்து மீண்டிருக்கிறது. அடைப்பு பைக்குக் கீழே உள்ள எலும்புக் குழாயில் என்பது பொருள். ஒரு பகுதி தொண்டைக்கும் ஒரு பகுதி மேலேயும் சென்றால் குழாய் குறுகியிருக்கிறதே அன்றி முழுதும் அடைபடவில்லை.

ஊசிமுனை குழலின் சுவரில் முட்டி நின்றால், அடைப்பு இல்லாதபோதும் நீர் அதே துளையில் திரும்பும். ஆதலால் முனையைச் சற்றே பின்னிழுத்து மீண்டும் செலுத்திப் பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

மதுரைச் சமவெளியில் இச்சோதனையின் பொருள்

அடைபட்ட கண்ணீர்ப் பையில் தேங்கிய நீர் நுண்ணுயிர்கள் பெருகும் இடமாகிறது. அங்கு அடிக்கடி வளரும் நுண்ணுயிர்களுள் நிமோகாக்கஸ் ஒன்று. பையிலிருந்து அவை ஓயாது கண்ணுக்குத் திரும்பி வந்தாலும், கருவிழியின் மேற்படலம் சிதையாத வரை பெரும்பாலும் கேடு நேர்வதில்லை. ஒரு சிறு கீறல் போதும், நிலைமை மாறிவிடும்.

மதுரையைச் சுற்றிய வேளாண் சமவெளியில் அத்தகைய கீறல் அரிதன்று. 1993ஆம் ஆண்டுக்கான ஓர் ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளானதாகக் கணக்கிட்டது; இது அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கண்ட அளவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில், 284 பேர் முன்னதாகக் கண்ணில் அடிபட்டதைக் கூறினர். அவர்களிடம் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழச் சம அளவில் காணப்பட்டன; பாக்டீரியாக்களுள் முதலிடம் பெற்றது நிமோகாக்கஸ்.

அப்புண்கள் அனைத்தும் கண்ணீர்ப் பையிலிருந்தே வந்தவை என்று இதனால் கூற இயலாது. நெல் தூசும் முள்ளும் கீறிய கண்ணில், பூஞ்சை பெரும்பாலும் அக்கீறலோடு வெளியிலிருந்தே வருகிறது. ஆனால் நிமோகாக்கஸ் புண் காணும் இடத்தில் கண்ணீர்ப் பையை அழுத்திப் பார்ப்பது மருத்துவரின் கடமையாகிறது. பை நோயுற்றிருந்தால் அதைச் சரிசெய்யாமல் புண்ணுக்கு மட்டும் மருந்திடுவது நிலைத்த பயன் தராது. கண்புரை அறுவையும் கருவிழியை ஒட்டி உண்டாக்கும் ஒரு திறப்பே. சீழ் நிறைந்த பையை வைத்துக்கொண்டு அத்திறப்பைச் செய்தால், நுண்ணுயிர் விழியின் உள்ளே சென்று பார்வையை முற்றாக அழிக்கக்கூடும். முன்னுரையில் எழுந்த வினாவுக்கு விடை இதுவே.

ஒரே முறையீடு, இரு நோயாளிகள்

இவ்விளக்கத்தைப் பொருத்திப் பார்க்க, எடுத்துக்காட்டாக இரு நோயாளிகளைக் கருதலாம். இருவருக்கும் வயது அறுபதைக் கடந்தது. இருவரும் புரை அறுவைக்கு வந்தவர்கள். இருவருக்கும் வலக்கண்ணில் ஓராண்டாக நீர் வடிகிறது.

முதலாமவர் வயல்வேலை செய்த பெண். இமைகள் நன்றாக மூடுகின்றன. காலையில் பீளை சேர்ந்து இமை ஒட்டிக்கொள்கிறது. பையை அழுத்தினால் வெண்சளி வருகிறது. உப்புநீர் மேல்துளை வழியாகச் சளியோடு திரும்புகிறது. தொண்டைக்கு ஒரு துளியும் செல்லவில்லை. அடைப்பு எலும்புக் குழாயில் உள்ளது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி. அவர்களின் எலும்புக் குழாய் குறுகலாக இருப்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. இவருக்குப் புரை அறுவை ஒத்திவைக்கப்படும். பைக்கும் மூக்கிற்கும் இடையே உள்ள மெல்லிய எலும்பை அகற்றி, பையை நேரே மூக்கினுள் திறந்துவிடும் அறுவை முதலில் செய்யப்படும். இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904இல் விவரித்த முறை இது. புதிய வழி, பழைய குழாய் திறக்கும் இடத்திற்கு மேலாக, மூக்கின் நடு இடைவழியில் திறக்கிறது. நீண்ட அறுவையைத் தாங்க இயலாத முதியவருக்குப் பையை மட்டும் அகற்றுவதும் உண்டு. அதனால் நோய்த்தொற்றின் இருப்பிடம் நீங்கும், நீர்வடிதல் நீங்காது. எனினும் முதுமையில் சுரப்பு குறைந்திருந்தால் அது பெருந்தொல்லையாக இராது.

இரண்டாமவர் ஆண். ஓராண்டுக்கு முன் முகவாதம் வந்து ஓரளவே தேறியவர். வலக்கண் முழுதும் மூடுவதில்லை. கீழிமை தளர்ந்து தொங்குகிறது. துளை விழியை விட்டு வெளிப்புறம் திரும்பியுள்ளது. பையை அழுத்தினால் எதுவும் வரவில்லை. உப்புநீர் தடையின்றித் தொண்டைக்கு இறங்குகிறது. சோதனையை மட்டும் நம்பினால் ‘வழி நன்றாக உள்ளது’ என்று எழுதி அனுப்பிவிட நேரும். ஆனால் இரு கண்களிலும் ஃப்ளூரசின் சாயம் இட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால், இடக்கண்ணில் சாயம் பெரும்பாலும் மறைந்திருக்க, வலக்கண்ணில் அப்படியே தேங்கி நிற்கும். குழாய் திறந்திருக்கிறது, உந்தும் தசைதான் செயலிழந்துள்ளது. ஊசியின் அழுத்தம் தசையின் பணியைத் தானே செய்துவிட்டதால் அக்குறை மறைந்துபோனது. இதுவே குழாய்ச் சோதனையின் எல்லை.

இவருக்கு நீர் குறையவும் இல்லை. பழுது காதின் பின்னுள்ள துளையை ஒட்டி நேர்ந்ததால், அதற்கு முன்பே பிரிந்துவிட்ட சுரப்பி இழைகள் நலமாக உள்ளன. மூடாத கருவிழி உறுத்த, சுரப்பி மேலும் சுரக்கிறது. இவருக்கு வேண்டியது மூக்கில் புதுவழி அன்று. கருவிழியைக் காக்கும் களிம்பும், இரவில் இமையை ஒட்டி மூடுதலும், தளர்ந்த கீழிமையை இறுக்கித் துளையை விழிநோக்கித் திருப்பும் அறுவையுமே.

பழுது காதெலும்பினுள் நரம்பு வளையும் இடத்திலோ, அதற்கும் மேலேயோ நேர்ந்திருந்தால் நிலைமை எதிர்மாறாகும். இமையும் மூடாது, நீரும் சுரக்காது. நோயாளி நீர்வடிதலைப் பற்றி முறையிடமாட்டார். அதனோடு முக்கிளை நரம்பும் பழுதுற்றிருந்தால் உறுத்தலும் தெரியாது. கருவிழி அமைதியாகவே புண்ணாகும். நீர் வடியும் கண்ணைக் காட்டிலும் முறையீடற்ற இத்தகைய கண்ணே மிகுந்த இடருக்குரியது.

முடிவுரை

நீர்வடிதல் என்னும் ஒரே முறையீடு, குழாயின் அடைப்பையும் குறிக்கலாம், இமையை இயக்கும் நரம்பின் தளர்ச்சியையும் குறிக்கலாம். முன்னதை உப்புநீர்ச் சோதனை இடஞ்சுட்டிக் காட்டுகிறது. பின்னதை இமை மூடுவதைக் கவனித்தலும் சாயச் சோதனையும் காட்டுகின்றன. புரை அறுவைக்கு முன் பையை அழுத்திப் பார்ப்பதும், உப்புநீர் பாய்ச்சுவதும், அதற்கு முன்னதாக நோயாளியைக் கண்களை மூடச்சொல்லி இமைகள் சேர்கின்றனவா என்று நோக்குவதும் சில நிமிடங்களில் முடிபவை. இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதே கண்ணீர் வழியின் நிலை முழுமையாகப் புலப்படும்.